வெப்சைட் கொடுத்த பிறகு மாதப் பராமரிப்பு: விலையும் பதில் நேரமும் எப்படி முடிவு செய்வது

வெப்சைட் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் மெயின்டனன்ஸ் கட்டணத்தைப் பெரும்பாலும் ஏஎம்சி கணக்கில்தான் சொல்கிறார்கள், அதாவது செய்த விலையில் வருஷத்துக்கு 15 சதவீதமோ 20 சதவீதமோ. பெரிய கம்பெனி சாஃப்ட்வேருக்கு அந்தக் கணக்கு ஓடும். நம்ம ஊர்க் கடைகளுக்குச் செய்கிற சைட்டுக்கு ஓடாது. 45,000 ரூபாய் சைட்டுக்கு 15 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 6,750, மாதத்துக்கு 562 ரூபாய் 50 காசு. அந்தக் காசுக்கு நீங்கள் எத்தனை நிமிஷம் உட்கார முடியும் என்று யோசித்துப் பாருங்கள், பதில் உடனே தெரிந்துவிடும். இரண்டு மாதம் பார்ப்பீர்கள், மூன்றாவது மாதம் போனை எடுக்கத் தயங்குவீர்கள், கடைக்காரர் ‘வேலை முடிஞ்சதும் தம்பி ஆளே மாறிட்டாரு’ என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சைட்டை எடுத்துக்கொண்டு, அதற்கு மாதத் திட்டம் எழுதுவது எப்படி என்று முதலிலிருந்து கடைசி வரை பார்ப்போம். மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சைட் வேர்ட்பிரஸில், விற்பனைக்கு வூகாமர்ஸ், பணம் வாங்க ஒரு பேமெண்ட் கேட்வே, ஒரு நாளைக்கு எட்டு பத்து ஆர்டர். நீங்கள் அண்ணா நகரில் ஒரு ஜூனியரோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள், சைட்டை 45,000 ரூபாய்க்குச் செய்து கொடுத்தீர்கள்.

பேச வேண்டிய நேரம்

பராமரிப்பைப் பற்றி முதல் கொட்டேஷனிலேயே தனி வரியாகப் போட்டுவிடுங்கள். சைட்டை ஒப்படைத்த பிறகு சொன்னால் எவ்வளவு நியாயமான விலையும் கூடுதலாகப் பிடுங்குகிற மாதிரிதான் அவருக்குத் தெரியும்.

கூடவே இரண்டு தேதிகளை எழுத வேண்டும். ஒன்று, ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாள்: ஏற்கெனவே பேசிய பட்டியலில் ‘இது இப்படி வேலை செய்யும்’ என்று எழுதிய எதுவும் அப்படி வேலை செய்யவில்லை என்றால் இலவசமாகச் சரி செய்து தருவீர்கள். பட்டியலில் இல்லாத எதுவாக இருந்தாலும் அது புது வேலை. கூரியர் கட்டணம் தப்பாகக் கூட்டுகிறது என்றால் அது கோளாறு, கூரியர் கட்டணத்தை ஊர்வாரியாக மாற்ற வேண்டும் என்றால் அது மாற்றம். இந்தப் பிரிவு எழுத்தில் இல்லாவிட்டால் பின்னால் எல்லாமே ‘சின்ன வேலைதானே தம்பி’ ஆகிவிடும். இரண்டாவது தேதி, 31ஆம் நாள்: மாதத் திட்டம் அன்றைக்குத் தொடங்குகிறது, வேண்டாம் என்றால் அன்றோடு உங்கள் பொறுப்பு முடிகிறது. வேண்டாம் என்பவரிடம் அதற்கும் ஒரு வரி மெயில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதாமாதம் உண்மையில் என்ன செய்வீர்கள்

அப்டேட், பேக்கப், கண்காணிப்பு, சின்ன மாற்றங்கள். எல்லாத் திட்டத்திலும் இந்த நாலும் இருக்கும். இதில் விற்பனை நடக்கும் சைட்டில் எல்லோரும் கவனிக்காமல் விடுவது பேக்கப்பைத்தான், ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

‘தினமும் பேக்கப் எடுக்கிறோம்’ என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பேக்கப் ராத்திரி 2 மணிக்கு எடுக்கப்படுகிறது, மறுநாள் சாயந்திரம் 5 மணிக்கு ஒரு அப்டேட் சைட்டைக் கெடுத்துவிட்டது என்றால், ராத்திரி பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போது அன்று காலையிலிருந்து வந்த ஆர்டர் எல்லாம் அழிந்துபோகும். கம்பெனியைப் பற்றிச் சொல்லும் சாதாரண சைட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை, அங்கே ஒரு நாளில் எதுவும் மாறாது. சேலைக் கடையில் எட்டுப் பேர் பணம் கட்டியிருப்பார்கள். ஆகவே விற்பனை சைட்டுக்கு இரண்டு விதிகள்: டேட்டாபேஸை மட்டும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது தனியாக எடுங்கள், அப்புறம் எந்த அப்டேட்டுக்கும் சற்று முன்னால் கையால் ஒன்று எடுங்கள். சர்வரில் WP-CLI இருந்து கமாண்ட் கொடுக்க வழி இருந்தால், சைட்டின் ஃபோல்டருக்குள் போய் இவ்வளவுதான்:

```
wp db export ~/kappu/munnadi.sql
wp plugin list --update=available
wp plugin update woocommerce
wp wc update
```

முதல் வரியில் ஃபைலை `~/kappu` என்ற தனி ஃபோல்டரில் வைத்திருப்பதைக் கவனியுங்கள், அந்த ஃபோல்டரை முன்னாலேயே உருவாக்கி வைத்திருக்க வேண்டும். சைட் இருக்கிற பொது ஃபோல்டரிலேயே போட்டுவிட்டால், ஃபைல் பெயரை ஊகிக்கிற யாரும் அதைப் பிரவுசரில் இறக்கிவிடலாம். அதில் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கிறது. கடைசி வரி வூகாமர்ஸின் டேட்டாபேஸ் மாற்றங்களை ஓட்டுகிறது. அது ஓடி முடிந்த பிறகு பழைய பிளகினை மட்டும் திரும்பப் போட்டால் போதாது, டேட்டாபேஸும் திரும்பிப் போக வேண்டியிருக்கலாம், அதற்குத்தான் முதல் வரி. முடிந்தால் சைட்டின் நகல் ஒன்றில் முதலில் ஓட்டிப் பாருங்கள். அப்டேட் முடிந்ததும் நீங்களே ஒரு பொருளை எடுத்து, கார்ட்டில் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். முதல் பக்கம் திறக்கிறது என்பதற்காக விற்பனை நடக்கிறது என்று அர்த்தம் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேக்கப்பை வேறு இடத்தில் ஏற்றி, சைட் எழுந்து நிற்கிறதா என்று பார்ப்பதையும் திட்டத்தில் எழுதுங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாதி ஃபைலோடு நின்றுபோன பேக்கப், இடம் தீர்ந்துபோய் பல வாரமாக எடுக்கப்படாமல் இருக்கும் பேக்கப் எல்லாம் அந்த நாளில்தான் கண்ணில் படும்.

இன்னொன்று, தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் அவசரப் பாதுகாப்பு அப்டேட் தவிர வேறெதுவும் தொடுவதில்லை என்று எழுதிவிடுங்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் விற்பனை ஏறும் கடையாக இருந்தால் அப்போதும் அப்படியே.

பதில் நேரம்: எதை ஒப்புக்கொள்வது

புதியவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ‘நாலு மணி நேரத்தில் சரி செய்து தரப்படும்’ என்று எழுதிவிடுகிறார்கள். சரி செய்யும் நேரம் உங்கள் கையில் இல்லை. சர்வர் ஹோஸ்டிங்காரர் கையில், பணம் வந்து சேர்வது கேட்வே கையில், டொமைன் பதிவுக் கம்பெனி கையில். உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: எவ்வளவு நேரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்து, என்ன நடக்கிறது என்று சொல்வார் என்பது. அதை மட்டும் வாக்காகக் கொடுங்கள், கொடுத்ததை எந்த நாளும் தவறாதீர்கள். ‘99.9 சதவீதம் சைட் ஓடும்’ என்ற வரியும் வேண்டாம். அந்தக் கணக்கில் 30 நாள் மாதத்தில் மொத்தம் 43 நிமிஷம்தான் சைட் நிற்கலாம், ஒரு ராத்திரி சர்வர் படுத்தால் மொத்தமும் போய்விடும், சர்வரோ உங்களுடையது இல்லை.

‘பதில்’ என்றால் என்ன என்பதையும் எழுத வேண்டும். ‘பார்க்கிறேன் அண்ணே’ என்று அனுப்புவது பதில் ஆகாது, தானாகப் போகும் மெயிலும் ஆகாது. ஒரு ஆள் சைட்டைத் திறந்து பார்த்த பிறகு சொல்லும் மூன்று விஷயம்தான் பதில்: என்ன நடந்திருக்கிறது, இப்போது என்ன செய்கிறோம், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. மூன்றாவதுதான் கடைக்காரரை நிம்மதியாக இருக்க வைக்கும். நேரம் சொல்லிவிட்டால் அவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கூப்பிட மாட்டார்.

அவசரத்தை மூன்று நிலையாகப் பிரியுங்கள், அதற்கு மேல் பிரித்தால் யாருக்கும் நினைவில் நிற்காது. முதல் நிலை, விற்பனை நின்றுவிட்டது: சைட் திறக்கவில்லை, ஆர்டர் போட முடியவில்லை, பணம் போகிறது ஆனால் ஆர்டர் வரவில்லை, சைட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். இதற்கு 2 மணி நேரம், ஞாயிறு உட்பட எல்லா நாளும் காலை 9 முதல் இரவு 9 வரை கடிகாரம் ஓடும். இரண்டாவது, ஏதோ ஒரு பகுதி கெட்டிருக்கிறது ஆனால் விற்பனை நடக்கிறது: 6 வேலை மணி நேரம், திங்கள் முதல் சனி வரை 10 முதல் 6 வரை. மூன்றாவது, படம் மாற்றுவது, விலை மாற்றுவது, புதுப் பக்கம்: இரண்டு வேலை நாளில் பதில். ஒரு பிரச்சினை எந்த நிலை என்பதை யார் முடிவு செய்வது என்றால், கடைக்காரர் சொல்வதை முதலில் அப்படியே எடுத்துக்கொண்டு பார்த்துவிட்டு நிலையை மாற்றுங்கள். போனிலேயே ‘இது அவசரம் இல்லை’ என்று வாதாடுவதில் பயன் இல்லை.

கடிகாரக் கணக்கை உதாரணத்தோடு எழுதிக் கொடுத்தால்தான் புரியும். சனிக்கிழமை மாலை 4 மணிக்கு இரண்டாம் நிலைப் பிரச்சினை வந்தால் அன்று 2 மணி நேரம் ஓடி நின்றுவிடும், மீதி 4 மணி நேரம் திங்கள் காலை 10 மணிக்குத் தொடங்கும், ஆக திங்கள் மதியம் 2 மணிக்குள் பதில். முதல் நிலைப் பிரச்சினை இரவு 8.15க்கு வந்தால் அன்று 45 நிமிஷம், மறுநாள் காலை 9 மணியிலிருந்து ஒன்றே கால் மணி நேரம், ஆக காலை 10.15. இதைப் படித்ததும் கடைக்காரர் ‘ராத்திரி போனா விடியிற வரைக்கும் அப்படியே கிடக்குமா?’ என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லுங்கள். ராத்திரியும் ஆள் வேண்டுமென்றால் அதற்கு வேறு விலை, வேறு ஆள் வேண்டும், இரண்டு பேர் உள்ள இடத்தில் அதைக் கொடுக்க முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும்? நீங்கள் குறித்துக் கொடுத்த ஒரே இடத்தில் செய்தி வந்த நிமிஷத்தில். இதற்கென்று தனி மெயிலோ தனி வாட்ஸ்அப் நம்பரோ வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த நம்பருக்கு, கல்யாண வீட்டில் இருக்கும்போது, குரல் செய்தியாக வந்ததைக் கணக்கில் எடுக்க முடியாது, ஆனால் எழுதி வைக்காவிட்டால் அவர் அதைத்தான் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம்

இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். மாலை 7.10க்குக் கடையிலிருந்து செய்தி: ‘மூணு பேரு பணம் கட்டிட்டோம்னு போன் பண்றாங்க, இங்க ஆர்டரே காட்டல.’ பணம் சம்பந்தப்பட்டது, முதல் நிலை, இரவு 9 மணிக்குக் கடிகாரம் நின்று மறுநாள் காலை 9.10 வரை உங்களுக்கு நேரம் இருந்தாலும், மனதில் இரவு 9 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்வேயின் டாஷ்போர்டைத் திறக்கிறீர்கள். மூன்று பணமும் அங்கே இருக்கிறது. வூகாமர்ஸில் மூன்று ஆர்டரும் இருக்கத்தான் செய்கிறது, ஒன்று ‘Pending payment’ என்றும் இரண்டு ‘Cancelled’ என்றும். அதாவது பணம் வந்துவிட்டது, வந்த செய்தி சைட்டுக்குப் போய்ச் சேரவில்லை. 7.40க்குப் பதில் அனுப்புகிறீர்கள்: ‘அண்ணே, மூணு பணமும் பத்திரமா கேட்வேயில இருக்கு, தொலையலை. கேட்வேயிலிருந்து சைட்டுக்கு வர்ற தகவல் தடைபட்டிருக்கு, அதைப் பார்த்துட்டு இருக்கோம். 8.30க்கு அடுத்த தகவல் சொல்றேன். அதுவரை யாருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.’ இத்தோடு பதில் நேர வாக்கு நிறைவேறிவிட்டது, 30 நிமிஷம்.

இனி சரி செய்யும் வேலை. கேட்வே டாஷ்போர்டில் வெப்ஹூக் பகுதியில் ஒவ்வொரு செய்திக்கும் சைட் என்ன பதில் சொன்னது என்று இருக்கும். மதியம் 3.20 வரை 200, அதற்குப் பிறகு எல்லாம் 403. 403 என்றால் சைட்டே கதவைச் சாத்துகிறது. 3 மணி வாக்கில் என்ன மாறியது என்று தேடினால், ஒரு பாதுகாப்பு பிளகின் தானாக அப்டேட் ஆகி அதன் ஃபயர்வால் விதி கேட்வேயின் செய்தியைத் தடுக்கிறது. அந்தப் பாதைக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, டாஷ்போர்டிலிருந்து ஒரு செய்தியைத் திரும்ப அனுப்பிப் பார்த்தால் 200 வருகிறது.

இதோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பணம் வராத ஆர்டரை வூகாமர்ஸ் வழக்கமான செட்டிங்கில் 60 நிமிஷத்தில் ரத்து செய்து, அந்தச் சேலையைத் திரும்ப விற்பனைக்கு விட்டுவிடும். அப்படித்தான் இரண்டு ஆர்டர் ‘Cancelled’ ஆனது. சுங்குடியில் ஒரே ஒரு சேலை இருக்கும் டிசைன் நிறைய உண்டு, ஆகவே அதே சேலையை இன்னொருவர் வாங்கிவிட்டாரா என்று பார்க்க வேண்டும். பல கேட்வேக்கள் போய்ச் சேராத செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும், அதனால் சில ஆர்டர் தானாகவே சரியாகலாம். அவசரப்பட்டுக் கையால் மாற்றினால் வாடிக்கையாளருக்கு இரண்டு முறை மெயில் போகும். கொஞ்சம் பொறுத்து, 3.20க்குப் பிறகு கேட்வேயில் வந்த ஒவ்வொரு பணத்தையும் ஆர்டரோடு ஒத்துப் பார்த்து, மீதியை மட்டும் ‘Processing’ ஆக்குங்கள். 8.30க்குச் சொன்னபடி தகவல், 8.50க்கு வேலை முடிவு. அந்தப் பிளகினின் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி, அதை உங்கள் கை அப்டேட் பட்டியலில் சேர்த்துவிட்டுப் படுக்கப் போங்கள்.

கோளாறு கேட்வேயிலேயே இருந்திருந்தால்? பதில் அதே 7.40க்குப் போயிருக்கும். அவர்களுக்குப் புகார் போட்டு, புகார் எண்ணைக் கடைக்காரருக்கு அனுப்பி, தொடர்ந்து கேட்பது வரைதான் உங்கள் பொறுப்பு. திட்டத்தில் ‘வெளியாரின் கோளாறுக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்று மட்டும் எழுதினால் கைகழுவுவதாகத் தோன்றும். ‘வெளியாரின் கோளாறுக்கு உங்கள் சார்பில் நாங்கள் பின்தொடர்வோம், சரியாகும் நேரம் அவர்களைப் பொறுத்தது’ என்று எழுதுங்கள்.

விலையைக் கூட்டுவது

இப்போது கணக்கு. மாதத்தில் இரண்டு முறை அப்டேட், சோதனையோடு ஒவ்வொன்றும் 40 நிமிஷம், ஆக 80. பேக்கப் பார்ப்பதற்கு 10, மூன்று மாதச் சோதனைக்கான ஒரு மணி நேரத்தை மாதத்துக்குப் பிரித்தால் 20. மாத அறிக்கைக்கு 20. சின்ன மாற்றங்களுக்கு 60. மேலே பார்த்த மாதிரி சனிக்கிழமைகளுக்காக 50, அது எல்லா மாதமும் வராது, வரும் மாதம் இரண்டு மணி நேரம் தின்னும். கூட்டினால் 240 நிமிஷம், நாலு மணி நேரம். உங்கள் மணிக்கூலி 600 என்றால் 2,400. பேக்கப் வைக்கும் இடம், கண்காணிப்புச் சேவை இவற்றில் இந்தக் கடைக்கு விழும் பங்கு 250. ஞாயிறு உட்பட இரவு 9 வரை ஒருவர் போனைப் பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டும், வேலை வந்தாலும் வராவிட்டாலும், அதற்கு 600. மொத்தம் 3,250.

இந்தக் கடைசி 600ஐத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பதில் நேரம் என்பதற்கு விலை அதுதான். கடைக்காரர் குறைக்கச் சொன்னால் மணிக்கூலியில் கை வைக்காதீர்கள், வாக்கைக் குறையுங்கள்: ஞாயிறும் மாலையும் வேண்டாம், முதல் நிலைக்கும் வேலை நேரம் மட்டும் என்றால் 2,650. சின்ன மாற்றமும் வேண்டாம் என்றால் 2,050. அப்போது எது போகிறது என்று அவருக்கே தெரியும்.

மாற்றங்களுக்கான 60 நிமிஷம் மீந்தால் அடுத்த ஒரு மாதம் மட்டும் சேரும் என்று வையுங்கள், வருஷக்கணக்கில் சேரவிட்டால் தீபாவளிக்கு முதல் வாரம் பன்னிரண்டு மணி நேரத்தை ஒரே அடியாகக் கேட்பார். 60க்கு மேல் போனால் மணிக்கு 700, தொடங்கும் முன் எவ்வளவு ஆகும் என்று சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டு. ஹோஸ்டிங், டொமைன் செலவு இதில் சேராது, இரண்டும் கடைக்காரர் பெயரிலேயே இருக்கட்டும், கடைசித் தேதியை நினைவுபடுத்துவது மட்டும் உங்கள் வேலை. உங்கள் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், அப்போது இதன் மேல் 18 சதவீதம் வரும், விலையைச் சொல்லும்போதே ‘வரி தனி’ என்று போட்டு வையுங்கள். பணம் முன்கூட்டி, மாதம் 1ஆம் தேதி பில், 10ஆம் தேதிக்குள் வராவிட்டால் கடிகாரம் நிற்கும்.

நீங்கள் இல்லாத நாள்

ஒருவரே எல்லாம் பார்க்கும் இடத்தில் 2 மணி நேர வாக்கு உடைவது பெரும்பாலும் பயணத்தில்தான். காலை வைகை எக்ஸ்பிரஸில் சென்னை போகிறீர்கள், மதுரையில் ஏறி உட்கார்ந்ததும் செய்தி வருகிறது, திண்டுக்கல் தாண்டினால் சிக்னல் நிச்சயமில்லை. ஜூனியருக்கு லாகின், கேட்வே டாஷ்போர்டைப் பார்க்க மட்டும் அனுமதி, ‘முதல் அரை மணி நேரத்தில் என்ன பார்க்க வேண்டும்’ என்று ஒரு பக்கத் தாள், இவ்வளவும் முன்னாலேயே கையில் இருக்க வேண்டும். ஜூனியர் சரி செய்யத் தேவையில்லை, சரியான பதிலை அனுப்பத் தெரிந்தால் போதும். ஜூனியரும் இல்லாதவர்கள் அதே வேலை பார்க்கும் நண்பரோடு பரஸ்பரம் பேசி வையுங்கள், ஆனால் கடைக்காரரின் லாகினை வெளியாளிடம் கொடுக்கலாம் என்று அவர் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும்.

வாக்குத் தவறினால் என்ன என்பதையும் நீங்களே எழுதுங்கள். ஒவ்வொரு தவறலுக்கும் அந்த மாதக் கட்டணத்தில் 10 சதவீதம் கழிவு, மாதத்துக்கு அதிகபட்சம் 30 சதவீதம். 3,250க்கு ஒரு தடவை 325 ரூபாய். அவர் கேட்கும் முன் நீங்களே பில்லில் கழித்துக் காட்டுங்கள். விற்பனை நஷ்டத்துக்கு ஈடு கொடுப்பதாக மட்டும் எந்த வரியிலும் எழுத வேண்டாம், ஒரு நாள் வியாபாரமே உங்கள் மாதக் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு ஷீட்டில் ஒரு வரி: எப்போது வந்தது, எந்த நிலை, முதல் பதில் எப்போது, எத்தனை நிமிஷம் ஆனது, காரணம். மூன்று மாதம் கழித்து அதைத் திறந்து பாருங்கள். மாதம் நாலு மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டே போகிறது என்றால், எந்த வரி தின்கிறது என்று பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள். சின்ன மாற்றங்கள் தின்றால் கட்டணம் ஏற வேண்டும், கோளாறுகள் தின்றால் சைட்டில் ஏதோ சரியில்லை, அதை ஒரு முறை உட்கார்ந்து தீர்ப்பது உங்கள் பொறுப்பு. எதுவும் ஆகாமல் அமைதியாகப் போன மாதத்திலும் அறிக்கையை அனுப்புங்கள்: எந்தெந்த பிளகின் மாற்றினீர்கள், கடைசியாகப் பேக்கப் ஏற்றிப் பார்த்த தேதி, டொமைன் முடியும் தேதி. அது வராத மாதத்தில்தான் ‘மூவாயிரத்துக்கு என்ன பண்றாங்க?’ என்ற கேள்வி கடையில் எழும்.

விலகுவதற்கு இரு பக்கமும் 30 நாள் நோட்டீஸ் வையுங்கள். கடைசி நாளில் முழு பேக்கப், எல்லா லாகினும், அந்த ஷீட்டும் கடைக்காரர் கைக்குப் போக வேண்டும், அவர் பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டதாகச் சொன்ன பிறகு உங்களிடம் இருக்கும் நகல்களை அழித்துவிட்டு அழித்ததாக மெயில் அனுப்புங்கள்.